செக்கில் கையெழுத்து உங்களுடையது இல்லை... போன பணம் யார் தலையில்? வங்கி கவுன்டரில் நடக்கும் சோதனைகளின் கதை

வெள்ளிக்கிழமை மதியம். ஆம்பூரில் ஒரு வங்கிக் கிளை. ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட்டின் சூப்பர்வைசர், வாரக் கூலிக்காக முதலாளி கையெழுத்திட்ட 3,80,000 ரூபாய் செக்கோடு நிற்கிறார். கவுன்டரில் இருப்பவர் ஆதாரைக் கேட்கிறார். செக்கின் பின்பக்கம் கையெழுத்து போடச் சொல்கிறார். பிறகு செக் உள்ளே இருக்கும் அதிகாரியின் மேஜைக்குப் போகிறது. அங்கிருந்து முதலாளிக்கு போன் போகிறது. அரை மணி நேரம் ஓடிவிட்டது. "மாசா மாசம் நான்தானே சார் வர்றேன், என்னைத் தெரியாதா?" என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொள்கிறார்.

இது ஒரு உதாரணக் காட்சிதான். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் வங்கிக்குப் போய் வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தோல் தொழிலில் கூலியாகவும், பச்சைத் தோல் வாங்குவதற்காகவும் ரொக்கம் இன்னும் புழங்குகிறது. கால்நடை வளர்ப்பவரிடம் நேரடியாகத் தோல் வாங்கும்போது, 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அதைச் செலவாகக் காட்ட வருமான வரி விதிகளிலேயே நீண்ட காலமாக விலக்கு உண்டு. அதனால் யு.பி.ஐ. காலத்திலும் இங்கே 'செல்ஃப் செக்', 'பேரர் செக்' இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

அந்த அரை மணி நேரத்தில் வங்கி எதைத்தான் பார்க்கிறது? சூப்பர்வைசர் நல்லவரா என்பதை அல்ல. அது பார்ப்பது இரண்டு தனித்தனி விஷயங்களை. பணத்தைக் கொடுக்கச் சொன்னது அக்கவுன்ட்காரர்தானா என்பது ஒன்று. வாங்கிப் போனது யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கையெழுத்து. இரண்டாவதற்கு விடை அடையாள அட்டை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கவுன்டரில் சண்டையே வருகிறது. பணம் தவறான கைக்குப் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு என்பதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவாகும்.

வித்ட்ராயல் ஃபார்ம், செல்ஃப், பேரர்: மூன்றும் ஒன்றல்ல

சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வங்கி கொடுக்கும் ஃபார்ம் செக் கிடையாது. அக்கவுன்ட்காரர் நேரில் வந்து, பாஸ்புக்கைக் காட்டி, தன் பணத்தைத் தானே எடுத்துக்கொள்வதற்கான விண்ணப்பம் அது. அதை எழுதி மகனிடம் கொடுத்து அனுப்பினால் வங்கி மறுக்கலாம், பெரும்பாலும் மறுக்கும். வேறொருவருக்குப் பணம் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவிடும் பத்திரமாக அந்த ஃபார்ம் செயல்படாது. நிறுவனங்கள் வைத்திருக்கும் கரன்ட் அக்கவுன்ட்டில் இந்த ஃபார்முக்கு வேலை இல்லை, செக் மட்டும்தான்.

செக் என்பது உத்தரவு. 'இந்தத் தொகையை இவருக்குக் கொடு' என்று அக்கவுன்ட்காரர் வங்கிக்குச் சொல்வது. பெயர் எழுதும் கோட்டில் 'செல்ஃப்' என்று எழுதினால் 'எனக்கே கொடு' என்று அர்த்தம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தக் கோட்டின் கடைசியில் 'அல்லது கொண்டு வருபவருக்கு' என்ற பொருளில் 'ஆர் பேரர்' என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதை அடிக்காமல் விட்டால் 'எனக்கோ, இதைக் கொண்டு வருபவருக்கோ கொடு' என்று உத்தரவு மாறிவிடுகிறது. அதாவது கையெழுத்திட்ட செல்ஃப் செக் வழியில் தொலைந்தால், தொலைந்தது கிட்டத்தட்ட ரொக்கம்தான்.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பேரர் செக்காக எழுதப்பட்ட ஒன்றை அதன் வாசகப்படி, நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவில்லாமல், கொண்டு வந்தவர் மீது சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாத நிலையில் வங்கி கொடுத்திருந்தால், அதன் பொறுப்பு அங்கேயே முடிந்துவிடும். சட்டத்தின் 10-வது பிரிவும் 85-வது பிரிவும் சேர்ந்து சொல்வது இதைத்தான். செக்கைக் கொண்டு வந்தவர் அதைத் திருடியவராகவே இருந்தாலும், கையெழுத்து நிஜமானது, வங்கி கவனமாக இருந்தது என்றால் வங்கி தப்பிவிடும்.

நீங்களே வங்கிக்குப் போய் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 'ஆர் பேரர்' வார்த்தையை அடித்துவிடுங்கள். ஒரு பேனாக் கோடு போதும்.

3,80,000 ரூபாய் செக்: கவுன்டரில் படிப்படியாக

மேலே சொன்ன சூப்பர்வைசரின் செக்கையே பின்தொடர்வோம்.

முதலில் கவுன்டர் ஊழியர் செக்கின் முகத்தைப் பார்க்கிறார். தேதி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 1 வரை இது ஆறு மாதமாக இருந்தது. எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது சட்டம். ஆனால் நடைமுறையில் வங்கிகள் பெரிய தொகையில் அந்த ரிஸ்க் எடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிடும். இடது மூலையில் இரண்டு கோடு போட்ட 'கிராஸ்' செக்காக இருந்தால் கவுன்டரில் ரொக்கமே கிடையாது, அக்கவுன்ட்டில்தான் போடலாம். அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்பதற்குத் தனிக் கவனம் உண்டு. 80,000-க்கு முன்னால் ஒரு 3 பிறகு வந்து உட்கார்ந்ததா என்று பார்க்க, எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மையின் நிறமும் உதவும். புற ஊதா விளக்குக்குக் கீழே வைத்தால், ரசாயனம் போட்டு அழித்த இடம் வேறு மாதிரித் தெரியும்.

அடுத்தது கம்ப்யூட்டர். அந்த செக் எண், அந்த அக்கவுன்ட்டுக்குக் கொடுத்த புத்தகத்தைச் சேர்ந்ததுதானா? 'பணம் கொடுக்காதே' என்று நிறுத்தி வைத்த செக்கா? பாக்கி இருக்கிறதா? அக்கவுன்ட்டை இயக்குவது யார்? பங்குதாரர் இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய அக்கவுன்ட் என்றால், ஒரு கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

பிறகுதான் கையெழுத்து. அக்கவுன்ட் தொடங்கும்போது போட்ட மாதிரிக் கையெழுத்து திரையில் வரும். பக்கத்தில் செக்கை வைத்து ஒப்பிடுவார்கள். அனுபவமுள்ள அதிகாரி வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே பேனா தூக்கப்படுகிறது, அழுத்தம் எங்கே என்று பார்க்கிறார். போலியாகப் போடுபவர் மெதுவாக வரைகிறார். அதனால் கோட்டில் நடுக்கம் இருக்கும், தேவையில்லாத இடத்தில் பேனா நின்றிருக்கும். நிஜமான கையெழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் ஓட்டம் மாறாது. ஏற்கெனவே உள்ள ஒரு கையெழுத்தோடு புள்ளிக்குப் புள்ளி அச்சு அசலாக ஒத்துப்போனால், அதுவும் சந்தேகத்துக்கு உரியதுதான். எந்த மனிதரும் இரண்டு தடவை ஒரே மாதிரி போட மாட்டார்.

கவுன்டரில் இருப்பவர் தன் அதிகார வரம்புக்குள் உள்ள தொகையைத்தான் தானே பாஸ் செய்யலாம். அதற்கு மேல் போனால் இன்னொரு அதிகாரி தன் லாகினில் ஒப்புதல் தர வேண்டும். செக் உள்ளே போனதற்குக் காரணம் இதுதான். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படட்டும் என்பதற்காக. முதலாளிக்குப் போன அழைப்பும் இதில் சேர்த்தி. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதிகாரி அழைப்பது அக்கவுன்ட்டில் பதிவான எண்ணை. செக்கைக் கொண்டு வந்தவர் 'இந்த நம்பருக்கு அடிங்க சார்' என்று கொடுக்கும் எண்ணை அழைத்தால், அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

கடைசியாக, செக்கின் பின்பக்கம். டோக்கன் முறை உள்ள கிளைகளில், செக்கைக் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து, பணம் வாங்கும்போது கேஷியர் முன்னால் இன்னொரு கையெழுத்து என்று கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் செக்கைக் கொடுத்தவரும் பணம் வாங்குபவரும் ஒரே ஆள். 'எவ்வளவு பணம்?' என்று கேஷியர் கேட்பதும் அதற்காகத்தான். டோக்கனைப் பறித்துக்கொண்டு வந்தவருக்குத் தொகை தெரியாது. அதனால் கேஷியர் தொகையைச் சொல்லிக் கேட்பதில்லை, உங்களைச் சொல்ல வைக்கிறார்.

அப்புறம் ஆதார் எதுக்கு?

கையெழுத்து சரியாக இருந்தால் பேரர் செக்குக்குப் பணம் கொடுக்கலாம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்லும்போது, அடையாள அட்டை ஏன்? அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் வேறொரு சட்டத்தில் இருக்கிறது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் விதிகளும், ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. உத்தரவும், அக்கவுன்ட் இல்லாத ஒருவர் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ பரிவர்த்தனை செய்தால் அவருடைய அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்கின்றன. பேரர் செக்கோடு வரும் மூன்றாம் நபரிடம் வங்கிகள் கேட்பது இதன்படிதான். 3,80,000-ஐ எட்டு செக்காகப் பிரித்து 49,000, 47,500 என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே பிரித்ததாகத் தெரிந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறது உத்தரவு.

10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை வங்கி, மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்கிறது. ஒரே மாதத்தில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிறு தொகைகள் சேர்ந்து 10 லட்சத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். இது குற்றச்சாட்டு அல்ல, வழக்கமான அறிக்கை. கூலிக்காக எடுக்கும் தொழிற்சாலைக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் உங்கள் பணத்தைக் காப்பாற்றாது. யார் வாங்கினார் என்ற தடத்தை மட்டும் விட்டுவைக்கும். செக்கில் உள்ள கையெழுத்து போலி என்றால், கொண்டு வந்தவரின் ஆதார் எவ்வளவு நிஜமாக இருந்தாலும் அந்தப் பணம் தவறாகப் போன பணம்தான்.

42 செக், 3,26,047 ரூபாய் 92 காசு

போலிக் கையெழுத்தில் போன பணத்தை யார் ஏற்பது என்பதற்கு இந்தியாவில் இன்றும் எல்லோரும் திரும்பிப் போகும் வழக்கு, கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் இடையே நடந்தது. உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது. நம் தோல் பெல்ட்டில் உள்ள சிறிய நிறுவனங்களின் நிலைமைக்கு அது அப்படியே பொருந்தும்.

மங்களூரில் இருந்த அந்த நிறுவனத்தின் கரன்ட் அக்கவுன்ட்டில் செக் போட அதிகாரம் பெற்றவர் நிர்வாக இயக்குநர். செக் புத்தகம் இருந்ததோ கணக்காளரின் பொறுப்பில். 1961-இல் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று இன்னொரு ஊழியர் கவனித்தார். தோண்டிப் பார்த்தபோது, முந்தைய சில ஆண்டுகளில் 42 செக்குகளில் இயக்குநரின் கையெழுத்து போலியாகப் போடப்பட்டு, 3,26,047 ரூபாய் 92 காசு எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 42 தடவையும் வங்கி கையெழுத்தைப் பார்த்தது, சரி என்று பாஸ் செய்தது.

வங்கி வைத்த வாதம் கேட்க நியாயமாகவே இருக்கும். 'உங்கள் ஊழியர்தான் திருடினார். செக் புத்தகத்தை அவரிடம் விட்டது நீங்கள். பாஸ்புக்கும் கணக்கு விவரமும் உங்களுக்கு வந்துகொண்டே இருந்தன. வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் அலட்சியத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?'

நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் தர்க்கம் எளிமையானது. வங்கியிடம் இருப்பது வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய கடன். அதிலிருந்து கழிக்க அதற்கு வாடிக்கையாளரின் உத்தரவு வேண்டும். போலிக் கையெழுத்துள்ள செக், உத்தரவே அல்ல, வெறும் காகிதம். உத்தரவு இல்லாமல் கொடுத்த பணம் வங்கியின் சொந்தப் பணம். பாஸ்புக்கைப் பார்த்துத் தவறைச் சொல்ல வேண்டும் என்ற கடமையை வங்கி விரும்பினால், அதை வாடிக்கையாளரோடு வெளிப்படையாக ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும். சும்மா இருந்தார் என்பதற்காக மட்டும் அவர் உரிமையை இழந்துவிட மாட்டார்.

ஆக, கையெழுத்து போலி என்றால் பொதுவிதி வங்கிக்கே நஷ்டம் என்பதுதான். கவுன்டரில் உங்களை நிற்கவைத்துவிட்டு அதிகாரி திரையை முறைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இப்போது புரியும். அவர் பார்ப்பது வங்கியின் பணத்தை.

ஆனால் இதைப் படித்துவிட்டு 'அப்போ நான் கணக்கே பார்க்க வேண்டாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மோசடி தெரிந்தது 1961-இல், இறுதித் தீர்ப்பு வந்தது 1987-இல். 26 வருஷம். ஜெயித்த நிறுவனத்தின் நிலைமையே இதுதான்.

நிஜக் கையெழுத்து, வெற்று செக்

இப்போது அதே கதையில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். கணக்காளர் போலிக் கையெழுத்து போடவில்லை. முதலாளி வெளியூர் கிளம்பும் முன், 'கூலிக்கு எவ்வளவு வரும்னு தெரியல, நீயே எழுதிக்கோ' என்று ஐந்து வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். கணக்காளர் நான்கைக் கூலிக்கு எடுத்தார், ஐந்தாவதில் 6 லட்சம் எழுதி எடுத்துக்கொண்டு காணாமல் போனார்.

இங்கே கையெழுத்து நிஜம். உத்தரவு இருக்கிறது. தொகையை யார் பேனா எழுதியது என்பதைக் கவுன்டரில் கண்டுபிடிக்க வழியில்லை, கண்டுபிடிக்க வேண்டிய கடமையும் வங்கிக்கு இல்லை. செக்கின் மற்ற பகுதியை வேறொருவர் நிரப்புவது வாடிக்கையான விஷயம்தான். கையெழுத்திட்டுத் தானாகவே கொடுத்த வெற்று செக்கை இன்னொருவர் நிரப்பினார் என்பதற்காக மட்டும் கையெழுத்திட்டவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்று, செக் பவுன்ஸ் தொடர்பான பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. கவுன்டர் ரொக்கம் வேறு, பவுன்ஸ் வழக்கு வேறு. ஆனாலும் கையெழுத்தின் எடை என்ன என்பது இதிலிருந்து தெரியும்.

முதல் கதையில் 3.26 லட்சம் வங்கியின் நஷ்டம். இரண்டாவது கதையில் 6 லட்சம் முதலாளியின் நஷ்டம். இரண்டிலும் திருடியது நம்பிக்கைக்குரிய கணக்காளர்தான். வித்தியாசம், கையெழுத்து யாருடையது என்பதில் மட்டும். கணக்காளர் மீது கிரிமினல் வழக்கு போடலாம், ஆனால் வங்கியிடம் போய் நிற்க முடியாது.

வெளியூர் போவது அடிக்கடி நடக்கிற காரியம் என்றால் அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைக் கையெழுத்து அதிகாரம் பெற்றவராக வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்து, அவர் எவ்வளவு தொகை வரை எடுக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். அப்போது 6 லட்சம் செக் கவுன்டரிலேயே நின்றுவிடும்.

'மேலிடத்திலிருந்து பேசுறோம்'

கையெழுத்தும் இல்லை, செக்கும் இல்லை, அடையாளமும் இல்லை, ஆனால் 60 லட்சம் ரூபாய் வெளியே போனது. இது நடந்தது 1971 மே 24 அன்று, டெல்லி நாடாளுமன்றத் தெரு பாரத ஸ்டேட் வங்கியில். தலைமை கேஷியர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு போன் வந்தது. பிரதமர் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல், பிறகு பிரதமர் இந்திரா காந்தியின் குரலாகவே ஒலித்தது. வங்கதேசம் தொடர்பான ரகசிய வேலைக்குப் பணம் வேண்டும், ரசீது பிறகு வரும் என்றார்கள். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய், சங்கேத வார்த்தை சொன்ன மனிதரிடம் கொடுத்தார். ரசீது கேட்டு பிரதமர் இல்லத்துக்குப் போனபோதுதான், அங்கிருந்து யாரும் அழைக்கவே இல்லை என்று தெரிந்தது.

பணத்தை வாங்கிய ருஸ்தம் சோரப் நகர்வாலா அன்றே பிடிபட்டார், பெரும்பகுதிப் பணமும் மீட்கப்பட்டது. மூன்றே நாளில் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை. 1972 மார்ச்சில் காவலில் இருந்தபோதே அவர் இறந்தார். பின்னர் ஜகன்மோகன் ரெட்டி கமிஷன் விசாரித்தது. அரசியல் சந்தேகங்கள் இன்றுவரை தீரவில்லை. ஆனால் வங்கி வேலையைப் பொறுத்தவரை பாடம் சிக்கலானது அல்ல. பணம் முதலில், காகிதம் பிறகு என்று வரிசை மாறியதுதான் தவறு. பெரிய இடத்துப் பெயர் சொன்னதும் ஒருவருக்கு இருக்கும் தயக்கத்துக்கு எதிராகத்தான், இன்று இரண்டாவது அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படுகிறது. 'முதலாளி அவசரம்னு சொன்னார், செக் நாளைக்குத் தர்றேன்' என்று கேட்டால் கிளை மேலாளர் மறுப்பது உங்களை அவமதிக்க அல்ல.

கையெழுத்து ஒத்துப்போகாத தாத்தா

சோதனை எல்லாம் சரி, ஆனால் நிஜமான ஆளுக்கே கையெழுத்து வரவில்லை என்றால்? வேலூரிலிருந்து உள்ளே தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்தியை எடுத்துக்கொள்வோம். அங்கே 78 வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவருடைய சேமிப்பிலிருந்து 1,50,000 ரூபாய் எடுக்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் வித்ட்ராயல் ஃபார்மை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடுகிறான். 'அவர் வரணும், கையெழுத்து ஒத்துப்போகணும்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பேரன் தாத்தாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். அது போலி ஆவணம். நாளைக்குச் சொத்துத் தகராறு வந்தால் அந்த ஒரு ஃபார்மே அவன் மீது குற்றமாகத் திரும்பும்.

இப்படிப்பட்டவர்களுக்காக ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளில் வழி இருக்கிறது. கையெழுத்து போட முடியாதவர் கைவிரல் ரேகையோ, கால் விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகை கூட வைக்க முடியாதவர் ஒரு குறி போட்டால் போதும், அதற்கும் இதே இரண்டு சாட்சிகள். நேரில் வர முடியாவிட்டால், பணத்தை யார் வாங்குவார் என்பதைப் பெரியவர் வங்கிக்குத் தெரிவிக்கலாம். வாங்குபவரையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவருடைய கையெழுத்தும் வங்கியிடம் இருக்க வேண்டும்.

எனவே பேரன் செய்ய வேண்டியது ஃபார்மோடு போய்க் கெஞ்சுவது அல்ல. 'அக்கவுன்ட்காரர் உடல்நிலையால் கையெழுத்திட முடியவில்லை, விதிப்படி அதிகாரி ஒருவரை வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புங்கள்' என்று மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுப்பது. வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் கேட்க வேண்டும். இதே சாட்சி, அதிகாரி ஏற்பாடுதான் பேரனல்லாத வேறு யாராவது தாத்தாவின் பணத்தை எடுக்காமலும் காக்கிறது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்து மாறிக்கொண்டு வருவதாகத் தெரிந்தால், நேரில் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துவிடுவது நல்லது. பத்து வருஷம் முன்பு கல்லூரியில் படிக்கும்போது போட்ட கையெழுத்தோடு இன்று சண்டை போடும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மறுத்தால், தவறாகக் கொடுத்தால்

பாக்கி இருந்து, கையெழுத்தும் சரியாக இருந்து, காரணமே இல்லாமல் வங்கி மறுத்தால் 31-வது பிரிவின்படி அது நஷ்டஈடு தர வேண்டும். யாருக்கு? செக் எழுதியவருக்கு. வரிசையில் நின்ற சூப்பர்வைசருக்கு அல்ல. அதனால் கவுன்டரில் அவர் போடும் சண்டையைவிட, முதலாளி அனுப்பும் ஒரு ஈமெயிலுக்குத்தான் எடை அதிகம். ஏன் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத செக்குக்குப் பணம் போனதாக எஸ்.எம்.எஸ். வந்தால், அன்றே கிளைக்கு எழுத்துப்பூர்வமாகச் சொல்லி, மீதி செக் இலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அந்த செக்கின் இரண்டு பக்கப் படத்தையும் கேளுங்கள். பின்பக்கத்தில்தான் வாங்கியவரின் கையெழுத்து இருக்கும். அன்றைய கண்காணிப்பு கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள், பதிவுகள் நாளாக ஆகத் தானாக அழிந்துவிடும். போலீஸ் புகாரும் அவசியம்.

'மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும்' என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அந்தப் பாதுகாப்பு மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கானது. கவுன்டரில் காகிதச் செக்கைக் கொடுத்து எடுத்த ரொக்கத்துக்கு அது பொருந்தாது. இங்கே உங்கள் ஆயுதம், மங்களூர் வழக்கில் சொன்ன பழைய வாதம்தான். 'அது என் கையெழுத்து அல்ல, எனவே அது என் உத்தரவு அல்ல.' வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம்.

அந்த வாதம் நிற்க வேண்டுமென்றால், நீங்கள் கையெழுத்திட்ட வெற்று செக் எதுவும் எவருடைய டிராயரிலும் இருக்கக் கூடாது. இன்று மாலை உங்கள் செக் புத்தகத்தை எடுத்து, எத்தனை இலை மீதி என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.